மழை எத்தனை முறை வந்தது?

பள்ளியில் வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்தால் ஒருவர் சீட்டைப் பிரித்துப் பெயரைப் படிப்பார். இன்னொருவர் கரும்பலகையைப் பார்ப்பார். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுவார். இல்லாவிட்டால் பெயரைப் புதிதாக எழுதி முதல் கோட்டைப் போடுவார். ஒரு பத்தியில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பைத்தானில் எண்ணுவதும் இதே வேலைதான். கரும்பலகைக்குப் பதில் அங்கே டிக்‌ஷனரி இருக்கிறது. அகராதியில் சொல்லுக்கு எதிரே பொருள் இருக்கும். இதில் எண் இருக்கும்.

ஒரு சின்னப் பத்தியை எடுத்துக்கொள்வோம்: “மழை வந்தது, காற்றும் வந்தது. மழையில் மரம் சாய்ந்தது. மழை நின்றது.” மொத்தம் 9 சொற்கள். இதை `text` என்ற பெயரில் வைத்துக்கொண்டால் நிரல் இவ்வளவுதான்:

```python
counts = {}
for w in text.split():
    counts[w] = counts.get(w, 0) + 1
```

`split()` இடைவெளி உள்ள இடங்களில் பத்தியை வெட்டித் தருகிறது. உயிர்நாடி `get(w, 0)` தான். சொல் பலகையில் இருந்தால் அதன் எண்ணைத் தரும், இல்லாவிட்டால் 0 தரும். இதை விட்டுவிட்டு `counts[w] += 1` என்று எழுதினால், முதல் சொல்லிலேயே `KeyError` என்று நிரல் நின்றுவிடும். இல்லாத பெயருக்குப் பக்கத்தில் கோடு போட முடியாதல்லவா?

ஓட்டிப் பார்த்தால் ‘மழை’ 2 என்று வருகிறது. சரி. ஆனால் ‘வந்தது’ இரண்டு முறை இருந்தும் 2 வரவில்லை. ஒன்றில் காற்புள்ளியும் மற்றதில் முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டதால், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். எண்ணுவதற்கு முன் `w = w.strip(".,!?")` என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அது சொல்லின் இரு முனைகளிலும் உள்ள குறிகளை உதிர்த்துவிடும். 8 ஆக இருந்த பதிவுகள் 7 ஆகக் குறையும்.

இங்கே பலர் பாடப் புத்தகத்தைப் பார்த்து `re.findall(r"\w+", text)` என்று எழுதுவார்கள். ஆங்கிலத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும். தமிழைச் சிதைத்துவிடும். பைத்தானின் `\w` நம் புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாக ஏற்பதில்லை. அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக நினைக்கிறது. ‘மழை’ வெறும் ‘மழ’ ஆகிறது. ‘வந்தது’ உடைந்து ‘வந’, ‘தத’ என்று இரண்டாகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. பட்டியலில் இப்படித் துண்டு எழுத்துகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

இன்னொரு சிக்கலை எந்தக் குறியை உதிர்த்தும் தீர்க்க முடியாது. ‘மழையில்’ தனிப் பதிவாகவே நிற்கிறது. ‘மழை’ என்று தொடங்குவதை எல்லாம் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். ‘மரம்’ அதற்கு வழிவிடாது. ‘மரத்தில்’ என்னும்போது கடைசி ‘ம்’ போய்விடுகிறது. வேற்றுமை உருபைப் பிரித்து வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கத் தனி நிரல் வேண்டும். அது இல்லாதவரை நம் டிக்‌ஷனரி மழைக்கு 2 என்றே சொல்லும். படிக்கிறவர் விரல் விட்டு எண்ணினால் 3.