“எனக்குக் கணக்கே வராது, சார்”

தூத்துக்குடிக் கடலோரப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தேர்வுத்தாளைத் திருப்பித் தரும் நாளில் மாணவர்கள் சொல்லும் காரணங்களைக் குறித்துக்கொள்வது என் வழக்கம். மதிப்பெண்ணைவிட அந்தக் காரணங்களே அடுத்த தேர்வைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

தோல்விக்கு நாம் வழக்கமாகக் கூறும் காரணத்தை மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்கிறார் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன். இது என்றும் இப்படியேதானா, இப்போது மட்டுமா? எல்லாவற்றிலுமா, இந்த ஒன்றிலா? காரணம் முழுவதும் நானா, வேறு எதுவும் உண்டா? “எனக்குக் கணக்கே வராது” என்பதில் மூன்றுக்கும் நம்பிக்கையற்ற பதில்தான் இருக்கிறது. இப்படி விளக்கும் மாணவர் நல்ல மதிப்பெண் பெற்றால், “கேள்வி சுலபம், சார்” என்று அதைத் தள்ளிவிடுவார்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன மாணவரின் விடை இது. 400 ரூபாய்க்கு வாங்கிய கருவாட்டை 460 ரூபாய்க்கு விற்றால் இலாப சதவீதம் என்ன? அவர் 60 என்று சரியாகக் கழித்து, அதை 460ஆல் வகுத்திருந்தார். “நீ கெட்டிக்காரன், முடியும்” என்று நான் சொல்லவில்லை. அதை அவர் நம்பமாட்டார். “எந்த வரி வரைக்கும் சரி?” என்று கேட்டேன். கழித்தல்வரை விரல் வைத்தார். “கையிலிருந்து போட்ட பணம் எவ்வளவு?” “நானூறு.” அவரே 400ஆல் வகுத்து 15 சதவீதம் என்று எழுதினார். பிறகு, “தப்பு எங்கே என்று ஒரு வரியில் எழுது” என்றேன். “வாங்கிய விலையால் வகுக்கவில்லை” என்று எழுதினார். அது திருத்தக்கூடிய காரணம்.

எளிய கணக்குகளாகக் கொடுத்து வெற்றியை மட்டும் பழக்கினால் போதாதா? உளவியலாளர் கரோல் டுவெக் 1975இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றதும் முயற்சியைக் கைவிடும் 12 குழந்தைகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வெற்றி மட்டுமே கிடைத்தது. மற்றப் பிரிவுக்கு இடையிடையே தோல்வியும் வந்தது. அதற்குக் காரணம் முயற்சிக் குறைவு என்று விளக்கப்பட்டது. பின்னர்த் தோல்வி வந்தபோது முதல் பிரிவினர் முன்போலவே தளர்ந்தார்கள். இரண்டாம் பிரிவினர் தாக்குப்பிடித்தார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உண்மையிலேயே முயன்ற குழந்தையிடம் “இன்னும் முயற்சி செய்” என்றால், முயன்றும் வரவில்லை என்ற முடிவே உறுதிப்படும். அங்கே மாற்றவேண்டியது வழிமுறை. அதிகாலையில் மீன் இறக்கப் போய்விட்டு வந்து வகுப்பில் கண்ணயரும் மாணவருக்கு, தூக்கமின்மை சாக்கு அல்ல, உண்மைக் காரணம். அதை அவருடைய எண்ணக் கோளாறாக நாம் மாற்றிவிடக் கூடாது. பெற்றோரிடம் பேச வேண்டும்.

மாற்றம் வந்ததை எப்படி அறிவது? “வராது” என்ற மாணவர், “இந்த வரியில் சிக்கிட்டேன், சார்” என்று தாளோடு வருவார். மதிப்பெண் உயர இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.