27 சென்டிமீட்டர் தடம், எத்தனை அடி ஆள்?

திருட்டு நடந்த வீட்டின் சிமென்ட் தரையில் ஒரு வெறுங்கால் தடம் பதிந்திருக்கிறது. குதிகாலின் பின்முனையிலிருந்து பெருவிரல் நுனிவரை 27 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதத்தின் நீளம் உயரத்தில் சுமார் 15 சதவீதம் என்பது பழைய கணக்கு. 27-ஐ 0.15-ஆல் வகுத்தால் 180 செ.மீ., அதாவது ஐந்தடி பதினோரு அங்குலம். உயரமான ஆளைத் தேடிப் புறப்பட்டுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் தடயவியலில் பழகியவர்கள் இந்த வகுத்தலோடு நிறுத்துவதில்லை.

பாதம் நீளமாக இருப்பதற்கு ஆள் உயரமாக இருப்பது ஒரு காரணம்தான். அவருடைய உயரத்துக்குப் பாதம் சற்றே பெரிதாக வாய்த்திருப்பதும் காரணமாகலாம். மிகப் பெரிய தடம் கிடைக்கும்போது பெரும்பாலும் இரண்டுமே சேர்ந்திருக்கும். வெறும் வகுத்தல் எல்லாவற்றையும் உயரத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. ஆகவே பெரிய தடத்துக்கு ஆளை நெட்டையாக்கும், சிறிய தடத்துக்குக் குள்ளமாக்கும்.

இதைச் சரிசெய்ய, ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த பல நூறு பேரின் உயரத்தையும் தடத்தையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள உறவை ஒரு சமன்பாடாக்குகிறார்கள். சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் கேவல் கிருஷன் வட இந்தியக் குஜ்ஜர் இனத்து ஆண்கள் 1,040 பேரின் இரு கால் தடங்களையும் எடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. குதிகாலிலிருந்து ஐந்து விரல்களின் நுனிக்கும் அவர் தனித்தனியே நீளம் அளந்தார். பெருவிரல் பதியாத அரைகுறைத் தடம் கிடைத்தாலும் மற்ற விரல்களை வைத்துக் கணக்கிடலாம் அல்லவா?

விளக்கத்துக்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கூட்டத்தில் சராசரி உயரம் 166 செ.மீ., சராசரித் தடம் 24.5 செ.மீ. தடம் ஒரு சென்டிமீட்டர் கூடினால் உயரம் 3.6 செ.மீ. கூடுகிறது. அப்போது நம் 27 செ.மீ. தடத்துக்கு உரியவர் 175 செ.மீ. தான், 180 அல்ல. தடம் 22 செ.மீ. என்றால் சமன்பாடு 157 சொல்லும். வகுத்தலோ 147-க்குக் கீழே இறக்கிவிடும். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் விசாரணையைத் தவறான ஆளிடம் கொண்டுபோய்விடக் கூடியது.

சமன்பாடும் ஒரே எண்ணைத் தந்துவிடுவதில்லை. ஒரே நீளத் தடம் உள்ளவர்களுக்குள்ளும் உயரம் மாறுபடும். அந்த மாறுபாட்டின் அளவான திட்டப் பிழை 4 செ.மீ. என்றால், நூற்றில் 95 பேருக்குப் பொருந்த இருபுறமும் சுமார் 8 செ.மீ. விட வேண்டும். அறிக்கையில் எழுத வேண்டியது ‘175’ அல்ல, ‘167 முதல் 183 வரை’. சந்தேகத்துக்கு உள்ளானவர்களில் 152 செ.மீ. உயரமுள்ளவர் மேல் இருக்கும் சந்தேகம் வெகுவாகக் குறையும். 170, 178 என இருவர் இருந்தால் இந்தக் கணக்கு அவர்களைப் பிரித்துக் காட்டாது. அதற்குத் தடத்தில் தோல் ரேகைகள் தெளிவாக விழுந்திருக்க வேண்டும்.

எந்தக் கூட்டத்திலிருந்து சமன்பாடு வந்தது என்பதும் முக்கியம். ஒரே நீளப் பாதமுள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்தால், பொதுவாகப் பெண் சற்று உயரம் குறைந்தவராக இருப்பார். பதின்ம வயதுச் சிறுவனுக்கோ பாதம் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும், உயரம் பிறகுதான் எட்டிப் பிடிக்கும். வளர்ந்த ஆண்களின் சமன்பாட்டில் அவன் தடத்தைப் போட்டால் இல்லாத உயரம் வந்து நிற்கும்.

அளவு எடுப்பதிலேயே பிழை நுழைவதும் உண்டு. குதிகாலின் பின்பக்கம் வளைந்திருப்பதால் அது முழுதும் தரையில் படாது. அதனால் தடம் உண்மையான பாதத்தைவிடச் சிறியது. பாதத்துக்கான சமன்பாட்டில் தடத்தின் நீளத்தைப் போட்டால் ஆள் குள்ளமாகிவிடுவார். நடக்கும்போது விரல் நுனியிலும் குதிகால் ஓரத்திலும் மங்கலான நிழல்போல ஒரு விளிம்பு விழும், அதைச் சேர்த்து அளந்தால் தடம் நீண்டுவிடும். ஈர மண்ணில் கால் வழுக்கினாலும் அப்படியே. படம் எடுக்கும்போது கேமராவைத் தடத்துக்கு நேர் மேலே பிடித்து, அதே மட்டத்தில் அளவுகோலை வைக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்திலிருந்து நீளத்தை நம்ப முடியாது.

கையின் அளவு பெரும்பாலும் வேறொரு சூழலில் தேவைப்படுகிறது: குண்டுவெடிப்பிலோ விபத்திலோ சிதைந்த உடலில் கை மட்டும் கிடைக்கும்போது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளம் உயரத்தில் சுமார் 11 சதவீதம். இங்கும் வகுத்தலைவிடச் சமன்பாடே நல்லது. ஆனால் சுவரில் பதிந்த கைத்தடத்தில் இந்த முறை தடுமாறும். விரல் நுனி விழுந்திருக்கும், அளவு தொடங்க வேண்டிய மணிக்கட்டு மடிப்பு பெரும்பாலும் விழுந்திருக்காது.