வங்கிக்கு ஒரு விண்ணப்பம்: பழைய கணக்கு அறிக்கை கோரல்

நுழையும்முன்

வங்கியில் பணம் செலுத்துவதும் எடுப்பதும் இன்று கைப்பேசியிலேயே நிகழ்கின்றன. ஆயினும், ஈராண்டுகளுக்கு முன் ஒரு தொகை கணக்கிற்கு வந்ததா, இல்லையா என்று ஓர் அலுவலகத்திற்கு மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரும்போது, முத்திரையும் கையொப்பமும் கொண்ட தாள் தேவைப்படுகிறது. அத்தாளைப் பெறுவதற்கு முதற்படி ஒரு கடிதம். அக்கடிதத்தில் எவை இடம்பெற வேண்டும், ஏன் இடம்பெற வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கணக்கேடும் கணக்கு அறிக்கையும்

சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் கையில் இருப்பது கணக்கேடு. இதனைப் ‘பாஸ்புக்’ என வழங்குவர். மக்கள் ‘ஸ்டேட்மென்ட்’ என்று குறிப்பிடும் கணக்கு அறிக்கை வேறு. குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து மற்றொரு நாள்வரை கணக்கில் நிகழ்ந்த வரவு, செலவு ஒவ்வொன்றையும் நாள், விவரம், தொகை, இருப்பு என்னும் வரிசையில் வங்கி அச்சிட்டுத் தருவதே கணக்கு அறிக்கை.

கணக்கேடு இருக்கும்போது அறிக்கை எதற்கு என்னும் வினா எழலாம். கணக்கேட்டை நெடுங்காலம் பதியாமல் விட்டுவிட்டு, பின்னர் ஒருநாள் பதியக் கொடுத்தால், இடைப்பட்ட காலத்தின் பல வரவு செலவுகளைத் தொகுத்து ஓரிரு வரிகளில் அச்சிட்டுவிடுவதும் உண்டு. அவ்வரிகளில் மொத்தத் தொகை மட்டுமே தெரியும். எந்த நாளில் எங்கிருந்து என்ன வந்தது என்பது தெரியாது. அந்த இடைவெளியை நிரப்புவது கணக்கு அறிக்கையே.

ஒரு நிகழ்வு

திருவாரூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்ச்சி பெற்றார். இத்தேர்வில் தெரிவு செய்யப்படுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரடியாக அனுப்பப்படும். 2023-24ஆம் கல்வியாண்டில் அவர் ஒன்பதாம் வகுப்புப் பயின்றார். அவ்வாண்டிற்குரிய தொகை அனுப்பப்பட்டுவிட்டதாக அலுவலகம் தெரிவித்தது. வரவில்லை என்றனர் வீட்டார். கணக்கேட்டில் 2023 டிசம்பருக்குப்பின் பதிவு இல்லை. அந்த 12,000 ரூபாயின் நிலையை அறியக் கணக்கு அறிக்கை ஒன்றே வழியாயிற்று.

மாணவி முதலில் எழுதிய கடிதத்தின் உட்பகுதி இவ்வாறு அமைந்தது: “எனக்குத் தங்கள் வங்கியில் கணக்கு உள்ளது. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது உள்ள வரவு செலவு விவரங்களைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

கடிதத்தில் பணிவு இருந்தது. பிழையற்ற தமிழ் இருந்தது. எனினும் வங்கி அலுவலர் அதனைத் திருப்பித் தந்தார். மூன்று குறைகள் அதற்குக் காரணம்.

முதற்குறை: எந்தக் கணக்கு?

அலுவலர் கணினியில் அறிக்கையை எடுப்பதற்குத் தேவையானது கணக்கு எண். ஒரே கிளையில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். ஒருவருக்கே இரண்டு கணக்குகளும் இருக்கலாம். ஆகவே, பெயரை மட்டும் கொண்டு கணக்கைத் தேட இயலாது. கணக்கு எண்ணின் நீளம் வங்கிக்கு வங்கி வேறுபடும். கணக்கேட்டின் முதற்பக்கத்தில் உள்ளவாறே, முன்னால் நிற்கும் சுழியங்களையும் விடாமல் எழுதுதல் வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறொருவர் கணக்கையோ, இல்லாத ஒரு கணக்கையோ காட்டும். எண்ணுடன் கணக்கில் பதிவான பெயரையும் எழுதினால், இரண்டும் பொருந்துகின்றனவா என்று அலுவலர் சரிபார்த்துக்கொள்வார்.

கணக்கேட்டில் வாடிக்கையாளர் அடையாள எண்ணும், கிளையைச் சுட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் அச்சிடப்பட்டிருக்கும். முன்னது ஒரு வாடிக்கையாளரை மட்டும் குறிக்கும். அவருக்குப் பல கணக்குகள் இருப்பினும் அது ஒன்றே. பின்னது பதினொரு எழுத்து, எண்களால் ஆகிய குறியீடு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், ஐந்தாவதாக நிற்கும் சுழியத்தை அடுத்துவரும் ஆறு இடங்கள் கிளையையும் குறிக்கும். இவற்றுள் எதுவும் கணக்கு எண்ணுக்கு மாற்றாகாது.

இரண்டாம் குறை: எந்தக் காலம்?

‘ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது’ என்பது பள்ளிக்குத் தெளிவான காலம், வங்கிக்கு அன்று. கணினியில் தொடக்க நாள், இறுதி நாள் என்னும் இரண்டையும் இட்டால்தான் அறிக்கை கிடைக்கும். ‘2023-24’ என்று எழுதினாலும் ஐயம் தீராது. வங்கி அதனை 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரையிலான நிதியாண்டாகக் கொள்ளும். பள்ளியோ சூன் மாதத்தில் தொடங்கும் கல்வியாண்டாகக் கொள்ளும்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. உதவித்தொகை எந்த ஆண்டிற்குரியதோ, அந்த ஆண்டிலேயே வந்து சேரும் என்பதில்லை. சரிபார்ப்புகள் முடிந்து, அடுத்த ஆண்டில் வருவதும் இயல்பு. எனவே, அறிக்கைக்குரிய காலம் படித்த காலம் அன்று. பணம் வந்திருக்கக்கூடிய காலம். இம்மாணவிக்கு 2023 சூன் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான காலம் பொருத்தமானது. கல்வியாண்டோடு நிறுத்தியிருந்தால், 2024 நவம்பரில் பணம் வந்திருந்தாலும் அறிக்கையில் அது இராது. வரவில்லை என்று தவறாக முடிவு செய்ய நேரும்.

தேவைக்கு மேல் காலத்தை நீட்டுவதும் தக்கதன்று. பழைய அறிக்கைக்குப் பல வங்கிகள் பக்கக் கணக்கிலோ, கால அளவிலோ கட்டணம் பெறுகின்றன. அதன்மீது சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். எவ்வளவு பின்னோக்கிச் செல்லலாம் என்பதற்கும் எல்லை உண்டு. வங்கிகள் பரிமாற்றப் பதிவுகளைப் பரிமாற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் பேணவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் விதி. அதற்கு முற்பட்ட பதிவுகள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

மூன்றாம் குறை: யார் கேட்பது?

வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களை மறைபொருளாகக் காப்பது வங்கியின் கடமை. ஆதலால், கடிதத்தின் கையொப்பத்தை வங்கியில் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு அலுவலர் ஒப்பிடுவார். இக்கணக்கு மாணவி பதினெட்டு வயது நிரம்பாதபோது, தாயைப் பாதுகாவலராகக் கொண்டு தொடங்கப்பட்டது. வங்கியில் இருப்பது தாயின் கையொப்பம். கடிதத்தில் இருந்ததோ மகளின் கையொப்பம். கடிதம் ஏற்கப்படாமைக்கு இதுவே போதுமான காரணம். மாணவரே இயக்கும் கணக்காயின் மாணவரே கையொப்பமிடலாம். பாதுகாவலர் இயக்கும் கணக்காயின் பாதுகாவலரே விண்ணப்பிக்க வேண்டும்.

திருத்திய கடிதம்

அனுப்புநர்
ஆ ஆ ஆ,
(பாதுகாவலர், அ அ அ),
12, பள்ளிக்கூடத் தெரு,
இ இ இ ஊர்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
ஈ ஈ ஈ வங்கி,
திருவாரூர் கிளை,
திருவாரூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: சேமிப்புக் கணக்கு – 01.06.2023 முதல் 31.03.2025 வரையிலான கணக்கு அறிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். என் மகள் அ அ அ பெயரில், என்னைப் பாதுகாவலராகக் கொண்டு தங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு உள்ளது. அதன் விவரம்:

கணக்கு எண்: 00112233445
கணக்கில் உள்ள பெயர்: அ அ அ (பாதுகாவலர்: ஆ ஆ ஆ)
வேண்டும் காலம்: 2023 சூன் 1 முதல் 2025 மார்ச் 31 வரை

மேற்கண்ட காலத்தில் கல்வி உதவித்தொகை வரவு வைக்கப்பட்டதா என்பதைக் கல்வி அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டியுள்ளது. ஆகவே, அக்காலத்திற்குரிய முழுமையான கணக்கு அறிக்கையை, ஒவ்வொரு பக்கத்திலும் கிளை முத்திரையும் அலுவலர் கையொப்பமும் இட்டு வழங்குமாறு வேண்டுகிறேன். இதற்குரிய கட்டணத்தை இக்கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ள இசைவளிக்கிறேன். அறிக்கையை நேரில் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஆ ஆ ஆ

இடம்: திருவாரூர்
நாள்: 14.07.2025

இணைப்பு: 1. கணக்கேட்டின் முதற்பக்க நகல். 2. பாதுகாவலரின் அடையாளச் சான்று நகல்.

கடிதத்தில் இல்லாதவற்றையும் நோக்குதல் வேண்டும். பற்று அட்டையின் எண், அதன் இரகசிய எண், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியன இதில் இல்லை. கணக்கு அறிக்கை எடுக்க இவற்றுள் ஒன்றும் தேவைப்படாது. எவரேனும் கேட்டால் ஐயுற வேண்டும்.

கடிதத்தை இரண்டு படிகளாகக் கொண்டு சென்று, ஒன்றில் பெற்றுக்கொண்ட நாளும் முத்திரையும் இடுவித்து வைத்துக்கொள்வது நன்று. மறுமொழி இன்றி முப்பது நாள் கடந்தால், இந்திய ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அப்போது கடிதம் கொடுத்ததற்குச் சான்றாக அமைவது அந்தப் படியே.

அறிக்கையைப் படித்தல்

அறிக்கை கைக்கு வந்ததும் தலைப்பில் உள்ள கணக்கு எண்ணும் காலமும் கேட்டவாறே உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்னர், தொடக்க இருப்புடன் வரவுகளைக் கூட்டிச் செலவுகளைக் கழித்தால் இறுதி இருப்பு வரவேண்டும். ஒரு பக்கத்தின் கடைசி இருப்பிலிருந்தே அடுத்த பக்கம் தொடர வேண்டும். தொடரவில்லையெனில், இடையில் ஒரு தாள் விடுபட்டிருக்கிறது எனக் கொள்ளலாம்.

மாணவியின் அறிக்கையில் இருபத்திரண்டு மாதங்களிலும் 12,000 ரூபாய் வரவு இல்லை. இதனால் பணம் அனுப்பப்படவில்லை என்று முடிவு செய்யலாமா? இயலாது. இந்தக் கணக்கிற்கு வரவில்லை என்பதை மட்டுமே அறிக்கை காட்டுகிறது. ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, அவ்வெண்ணுடன் இறுதியாக இணைக்கப்பட்ட கணக்கிற்கே செல்லும். மாணவிக்கு வேறொரு வங்கியில் தொடங்கப்பட்ட இரண்டாவது கணக்கு ஒன்று இருந்தது. ஆதார் இணைப்பும் அதற்கு மாறியிருந்தது. ஆகவே அடுத்த கடிதம், அதே காலத்தைக் குறித்து, அந்த வங்கிக்கு எழுதப்பட வேண்டியதாயிற்று. கணக்கு எண், பெயர், கிளை ஆகியன மட்டுமே அதில் மாறும். கடிதத்தின் அமைப்பு மாறாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் கணக்கேட்டின் முதற்பக்கத்தை நோக்கி, கணக்கு எண், வாடிக்கையாளர் அடையாள எண், கிளைக் குறியீடு ஆகியவற்றை வேறுபடுத்திக் காண்க.

2. “சென்ற ஆண்டு வரவு செலவு விவரம் வேண்டும்” என்னும் தொடரை, வங்கி அலுவலர் ஐயமின்றிச் செயல்படுமாறு திருத்தி எழுதுக.

3. பத்தாம் வகுப்பிற்குரிய உதவித்தொகையின் நிலையை அறிய எந்த நாள் முதல் எந்த நாள் வரை அறிக்கை கேட்பீர்? காரணம் கூறி, வங்கி மேலாளருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.