ஊசிக்குத்துக் காயம்

ஊசிக்குத்துக் காயம் என்பது, ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தற்செயலாக இன்னொருவரின் தோலைத் துளைப்பதால் உண்டாகும் காயமாகும். செவிலியர், ஆய்வக நுட்பர், அறுவை அரங்கப் பணியாளர், குப்பை அகற்றும் தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. காயம் மிகச் சிறியது. ஒரு துளி இரத்தம் கூட வராமல் போகலாம். ஆனால் ஊசியில் ஒட்டியிருந்த இரத்தத்தின் வழியாக எச்ஐவி, கல்லீரல் அழற்சி-பி, கல்லீரல் அழற்சி-சி ஆகிய மூன்று தீநுண்மிகள் தொற்றக்கூடும் என்பதால், காயம் பட்டவுடன் ஒரு முறையான மதிப்பீடு தேவைப்படுகிறது.

தொற்றும் வாய்ப்பு

மூன்று தீநுண்மிகளும் ஒரே அளவில் தொற்றுவதில்லை. நோயாளிக்கு அத்தொற்று இருப்பதாகக் கொண்டால், தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரல் அழற்சி-பி தொற்றும் வாய்ப்பு, நோயாளியின் இரத்தத்தில் உள்ள தீநுண்மியின் செறிவைப் பொறுத்து ஏறத்தாழ 6 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும். கல்லீரல் அழற்சி-சி தொற்றும் வாய்ப்பு பழைய கணக்குகளில் 1.8 விழுக்காடு, பின்னர் வந்த கணக்குகளில் இதனினும் குறைவு. எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு, அதாவது முந்நூறுக்கும் சற்று அதிகமான குத்துகளில் ஒன்று. பலரும் அஞ்சுவது எச்ஐவியை. எளிதில் தொற்றுவதோ கல்லீரல் அழற்சி-பி.

இந்த எண்கள் சராசரிகளே. ஆழமாகக் குத்திய ஊசி, வெளிப்படையாக இரத்தம் தெரியும் ஊசி, நோயாளியின் நாளத்துக்குள் நேராக நுழைந்து வந்த ஊசி, முற்றிய நிலையில் உள்ள எச்ஐவி நோயாளியின் இரத்தம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. உள்ளே துளையுள்ள ஊசி இரத்தத்தைத் தேக்கி வைத்திருப்பதால், திண்மையான தையல் ஊசியைவிட ஆபத்தானது.

உடனே செய்ய வேண்டியவை

காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவ வேண்டும். விரலை அழுத்தி இரத்தத்தைப் பிழியக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. பிளீச்சிங் கரைசல் போன்ற எரிச்சலூட்டும் பொருள்களை ஊற்றக் கூடாது. பிழிவதால் தொற்று குறையும் என்பதற்குச் சான்றில்லை. எரிச்சலூட்டும் பொருள்களோ தோலைப் புண்ணாக்கும். இரத்தம் கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான நீரால் நன்கு அலச வேண்டும்.

கழுவியதும் பொறுப்பு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். "பணி முடிந்து சொல்லிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதே இங்கு நேரும் பெரிய தவறு. எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதால் பயன் எதிர்பார்க்கப்படுவதில்லை.

மதிப்பீட்டின் படிகள்

மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். காயம் எத்தகையது? இரத்தம் யாருடையது? காயம் பட்டவருக்கு ஏற்கெனவே எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது?

முதல் கேள்விக்கு ஊசியின் வகை, ஆழம், நேரம் ஆகியவை குறிக்கப்படுகின்றன. இரண்டாவதற்கு, நோயாளியின் ஒப்புதலுடன் அவரது இரத்தம் எச்ஐவிக்கும் இரு கல்லீரல் அழற்சிகளுக்கும் சோதிக்கப்படுகிறது. குத்திய ஊசியைச் சோதனைக்கு அனுப்புவதில்லை. அதன் முடிவு நம்பத்தக்கதல்ல, அதைக் கையாளுபவருக்கும் ஆபத்து. மூன்றாவதற்கு, காயம் பட்டவரின் தடுப்பூசி விவரம் கேட்கப்பட்டு, அவரது இரத்தமும் உடனே சோதிக்கப்படுகிறது. இந்த முதல் சோதனை அவருடைய அன்றைய நிலையைக் காட்டுகிறது. பின்னால் தொற்று தெரிந்தால் அது இந்தக் காயத்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிய இதுவே சான்று.

ஓர் எடுத்துக்காட்டு

55 கிலோ எடையுள்ள ஒரு செவிலியர் இரவு 11 மணிக்கு நோயாளியின் கையில் சிரைக் குழாய் பொருத்திவிட்டு, வெளியே எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது கையுறையைத் துளைத்து ஆள்காட்டி விரலில் குத்திக்கொள்கிறார் என்று கொள்வோம். ஊசி துளையுள்ளது, நாளத்துக்குள் சென்று வந்தது, இரத்தமும் தெரிகிறது. ஆகவே ஆபத்து கூடுதலான வகை. படிப்புக் காலத்தில் கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்கிறார். ஆனால் எதிர்ப்பொருள் உருவானதா என்று பார்க்கவில்லை.

நோயாளியின் நிலை தெரியாததால், முடிவுக்குக் காத்திராமல் நள்ளிரவுக்குள் எச்ஐவி தடுப்பு மருந்தின் முதல் தவணை தரப்படுகிறது. இந்தியாவில் இது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த மாத்திரை; நாளுக்கு ஒன்றாக 28 நாள் உட்கொள்ள வேண்டும். காலையில் நோயாளியின் முடிவு வருகிறது: எச்ஐவி இல்லை, கல்லீரல் அழற்சி-சி இல்லை, கல்லீரல் அழற்சி-பி இருக்கிறது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எச்ஐவி சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டக்கூடும். அதனால் நோயாளிக்கு அண்மையில் தொற்று வாய்ப்பு இருந்ததா என்று கேட்டறிந்து, இல்லை என்றபின் மாத்திரை நிறுத்தப்படுகிறது.

இனி கவனம் கல்லீரல் அழற்சி-பி மீது. செவிலியரின் எதிர்ப்பொருள் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகு இருந்தால் போதுமான பாதுகாப்பு. மேற்கொண்டு ஒன்றும் தேவையில்லை. அவருக்கு வந்த அளவு 4. எனவே இரண்டு ஊசிகள் வேண்டும். ஒன்று, ஆயத்தமான எதிர்ப்பொருளைத் தரும் இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 0.06 மி.லி. வீதம் 55 கிலோவுக்கு 3.3 மி.லி. மற்றொன்று தடுப்பூசியின் புதிய முதல் தவணை. இதை உடலின் வேறோர் இடத்தில் போட வேண்டும். முன்னது உடனே காக்கிறது, ஆனால் சில மாதங்களில் தேய்ந்துவிடும். பின்னது மெதுவாக வேலை செய்து நீடித்து நிற்கும். இவற்றை 24 மணி நேரத்துக்குள் தருவது நல்லது. 7 நாள்களுக்குப் பின் இம்யூனோகுளோபுலினின் பயன் ஐயத்துக்குரியது. தடுப்பூசியின் மற்ற இரு தவணைகள் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் தொடரும்.

தொடர் கண்காணிப்பு

இந்தச் செவிலியருக்கு ஆறு மாதம் கழித்துக் கல்லீரல் அழற்சி-பி சோதனை மீண்டும் செய்யப்படும். நோயாளிக்கு எச்ஐவி இருந்திருந்தால், 28 நாள் மருந்தை முழுமையாக முடித்து, 6 வாரத்திலும் 3 மாதத்திலும் சோதிக்க வேண்டும். 6 மாதத்திலும் சோதிப்பது உண்டு. குமட்டல், களைப்பு காரணமாக இடையில் நிறுத்திவிடுவோர் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அவற்றைத் தணிக்க வழியுண்டு. முடிவு தெரியும்வரை இரத்த தானம் கூடாது. உடலுறவில் ஆணுறை பயன்படுத்த வேண்டும்.

கல்லீரல் அழற்சி-சிக்குத் தடுப்பூசியும் இல்லை, காயத்துக்குப் பின் தரும் தடுப்பு மருந்தும் இல்லை. அத்தொற்று நோயாளிக்கு இருந்தால், 3 முதல் 6 வாரத்துக்குள் தீநுண்மியின் மரபுப்பொருளையும், 4 முதல் 6 மாதத்தில் எதிர்ப்பொருளையும் சோதித்துக் காத்திருப்பதே முறை. தொற்று உறுதியானாலும் இன்றைய மாத்திரைகள் அதைப் பெரும்பாலும் குணப்படுத்திவிடுகின்றன.

சட்டமும் தடுப்பும்

2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்று அபாயம் உள்ள பணியிடங்களில் பாதுகாப்புப் பயிற்சியும் காயத்துக்குப் பிந்தைய தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை என்கிறது. சோதனைக்கு ஒப்புதல் பெறுவதையும் முடிவை இரகசியமாக வைப்பதையும் அதே சட்டம் கட்டாயமாக்குகிறது. தமிழ்நாட்டில் எச்ஐவி சோதனையும் ஆலோசனையும் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் கிடைக்கின்றன.

எடுத்துக்காட்டில் வந்த காயத்தின் காரணம், ஊசிக்கு மீண்டும் மூடி போட்டதுதான். பயன்படுத்திய ஊசியை மூடாமல், கைக்கெட்டும் இடத்தில் வைத்த குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் அப்படியே போட வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி மாற்ற வேண்டும். நிரம்பி வழியும் பெட்டியில் திணிக்கப்படும் ஊசியும், சாதாரணக் குப்பைப் பையில் போடப்படும் ஊசியும் பெரும்பாலும் குத்துவது தூய்மைப் பணியாளரை. அப்போது அந்த இரத்தம் யாருடையது என்று கண்டறியவும் வழியிருப்பதில்லை.