கோபுரமா, முருகன் முகமா?

கந்த சஷ்டிக் கவசம் வீடியோவுக்கு முகப்புப் படம் தேட வேண்டும். ராஜ அலங்கார முருகனின் முகமா, திருச்செந்தூர் கோபுரமா? இதை யூடியூபிலேயே சோதிக்கலாம். மூன்று படங்கள் வரை கொடுத்தால், பார்வையாளர்களைப் பிரித்து, ஒரே காலத்தில் ஆளுக்கொன்றாகக் காட்டும். இந்த ‘ஒரே காலம்’தான் முக்கியம். வாரத்துக்கு ஒன்றாக நாமே மாற்றினால், நடுவில் ஒரு கிருத்திகை வந்து கணக்கைக் குலைத்துவிடும். கூட்டம் படத்துக்கு வந்ததா, நாளுக்கு வந்ததா என்று சொல்ல முடியாது.

வெற்றியைத் தீர்மானிப்பது கிளிக் அல்ல, பார்த்த நேரம். பக்திக்கு இதுவே நியாயமான அளவுகோல். ‘இன்றே கேளுங்கள், கடன் தீரும்’ என்ற படம் கிளிக்கை வாங்கிவிடும்; கவசம் கேட்க உட்காராதவர் அரை நிமிடத்தில் போய்விடுவார்.

இரண்டு படங்களிலும் எழுத்தும் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். முகத்தோடு மஞ்சள் எழுத்தையும் சேர்த்தால், ஜெயித்தது எது என்று தெரியாது. முடிவுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். பார்வைகள் குறைந்த சேனலில் முடிவே கிடைக்காமலும் போகும். அப்போது சின்ன வித்தியாசத்தை வெற்றியாக எண்ணக் கூடாது.

தொடக்க வரியைச் சோதிக்க, ஒரே மாதிரியான இரண்டு வீடியோக்களில் முதல் 30 விநாடியைத் தாண்டியவர்களின் சதவீதத்தை ஒப்பிடலாம். ஆனால் இங்கே நாளும் பாட்டும் மாறுவதால், ஒரு ஜோடியை மட்டும் நம்ப முடியாது.