ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போடுவது ஏன்? 16 வயதில் போடும் ஊசி உடலுக்கு என்ன கற்றுத் தருகிறது?

"சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?" 16 வயதில் ஊசிக்காக வரிசையில் நிற்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. இந்தியாவின் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படும் இந்த ஊசி, டெட்டனஸ் என்ற ரண ஜன்னிக்கும், டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பானுக்கும் எதிரானது.

பிறந்த 6, 10, 14-வது வாரங்களில் 3 முறை, ஒன்றரை வயதை ஒட்டி ஒரு முறை, 5 வயதில் ஒரு முறை, 10 வயதில் ஒரு முறை. அட்டவணைப்படி எல்லாம் போட்டிருந்தால் 16 வயதில் போடுவது ஏழாவது ஊசி. ஒரே பாடத்தை உடலுக்கு ஏன் ஏழு தடவை நடத்த வேண்டும்? ரண ஜன்னியை மட்டும் எடுத்துக்கொண்டால் இதற்கான பதில் தெளிவாகப் புரியும்.

ஆபத்து கிருமியில் இல்லை, அதன் நஞ்சில்!

துரு பிடித்த ஆணி குத்தினால் ரண ஜன்னி வரும் என்று சொல்வார்கள். உண்மையில் துருவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள்தான் காரணம். ஆழமான காயத்தில் காற்று படாத இடம் கிடைத்தால் அவை முளைத்து, ஒரு நஞ்சைச் சுரக்கும்.

அந்த நஞ்சு நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போய், தசைகளைத் தளரச் சொல்லும் சிக்னலைத் தடுத்துவிடும். முதலில் தாடை இறுகும். பிறகு கழுத்து, முதுகு என ஒவ்வொன்றாக இறுகி, உடம்பே வில் மாதிரி வளையும்.

இதன் வீரியம் பயங்கரமானது. 50 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொல்லத் தேவையான நஞ்சு, ஒரு உப்புத் துகளின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு குறைந்த அளவைக் கண்டு உடலின் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்வதே இல்லை. அதனால்தான் ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் அந்த நோய்க்கு எதிரான சக்தி பெரும்பாலும் உருவாவதில்லை. அம்மை வந்து போனால் உடல் பாடம் கற்றுக்கொள்ளும், ரண ஜன்னியில் அது நடக்காது. பிழைத்து எழுந்தவருக்கும் டாக்டர்கள் தடுப்பூசியைத் தொடங்குவது இதனால்தான்.

ஊசிக்குள் என்ன இருக்கிறது?

அதே நஞ்சுதான் இருக்கிறது. ஆனால் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தால் செயலிழக்கச் செய்யப்பட்டது. திரியைப் பிடுங்கிய வெடி மாதிரி. பார்க்க அப்படியே இருக்கும், வெடிக்காது. 1920-களில் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் ரமோன் கொண்டுவந்த முறை இது. இதற்கு டாக்ஸாய்டு என்று பெயர். வீரியம் இல்லை என்பதால், உடலின் கவனத்தை இழுக்கும் அளவுக்குத் தாராளமாகவே கொடுக்கலாம். கூடவே கொஞ்சம் அலுமினிய உப்பும் இருக்கும். "இங்கே ஏதோ நடக்குது" என்று உடலை உசுப்புவதுதான் அதன் வேலை.

ஊசி போட்ட இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வலியும் வீக்கமும் வருவது இந்த உசுப்பலால்தான். ஊசி போட்டதும் சிலர் மயங்கி விழுவது வேறு விஷயம். டீன் ஏஜில் அது பெரும்பாலும் பயத்தால் வருவது. அரை மணி நேரம் உட்காரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்குளில் நடக்கும் டிரெய்னிங்

தசையில் ரோந்து சுற்றும் செல்கள் டாக்ஸாய்டை விழுங்கி, துண்டுகளாக்கி, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகும். "நெறி கட்டியிருக்கு" என்று வீட்டில் சொல்வார்களே, அப்போது வீங்குவது இந்த முடிச்சுகள்தான்.

அங்கே கோடிக்கணக்கான பி செல்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு வடிவத்தில் ஒரு சாவி. பூட்டைப் பார்த்த பிறகு உடல் சாவி செய்வதில்லை என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத சங்கதி. எந்தப் பூட்டு வரும் என்று தெரியாமலேயே எல்லா வடிவத்திலும் சாவிகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. டாக்ஸாய்டு வந்ததும், தற்செயலாக ஓரளவு பொருந்தும் சில பி செல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். டி செல்கள் அவற்றுக்கு அனுமதி கொடுத்ததும் அவை வேகமாகப் பெருகும்.

ஆனால் 'ஓரளவு' பொருந்தினால் போதாது. அதனால் முடிச்சுக்குள் ஒரு போட்டியே நடக்கும். ஜெர்மினல் சென்டர் எனப்படும் இந்தக் கூடத்தில், பெருகும் பி செல்கள் தங்கள் சாவியை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும். மாற்றம் குருட்டாம்போக்கில்தான் நடக்கும். பலவற்றின் சாவி கெட்டுப்போகும், அவை செத்துவிடும். முன்பைவிட இறுக்கமாகப் பிடிப்பவை மட்டும் அடுத்த ரவுண்டுக்குப் போகும். இப்படியே வாரக்கணக்கில் நடக்கும்.

ஜெயித்து வருபவை இரண்டு வகை வேலைக்குப் போகும். ஒரு வகை எலும்பு மஜ்ஜையில் குடியேறி, வருடக்கணக்கில் ஆன்டிபாடிகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை நினைவு செல்கள். அவை சும்மா காத்திருக்கும், அதே டாக்ஸாய்டு மறுபடி வந்தால் சில நாட்களிலேயே பெரும்படையாக மாறும்.

முதல் டோஸில் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. அடுத்த டோஸுக்கு குறைந்தது 4 வாரம் இடைவெளி விடுவதும் இந்தப் போட்டிக்கு நேரம் கொடுக்கத்தான். இரண்டாவது டோஸ் வரும்போது, முதல் சுற்றில் தேறிய செல்கள் மறுபடி களத்தில் இறங்கும். அதனால் இந்த முறை உருவாகும் ஆன்டிபாடிகள் எண்ணிக்கையிலும் அதிகம், தரத்திலும் மேல்.

நினைவு இருந்தால் போதாதா?

சில நோய்களுக்குப் போதும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலில் பரவ வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வதால், நினைவு செல்கள் எழுந்து வர நேரம் இருக்கிறது. ரண ஜன்னியில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. காயத்தில் சுரக்கும் துளி நஞ்சு நினைவு செல்களைத் தட்டி எழுப்பவே போதாமல் போகலாம். நஞ்சு நரம்புக்குள் நுழைந்துவிட்டால் பிறகு எந்த ஆன்டிபாடியாலும் அதைத் தொட முடியாது. எனவே நஞ்சு வரும் நேரத்தில் ஆன்டிபாடி ஏற்கனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் ஆண்டுகள் போகப் போக அதன் அளவு மெல்ல இறங்கும். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசி, நினைவு செல்களை எழுப்பி அந்த அளவை மறுபடி மேலே கொண்டுபோகிறது.

"கிளாஸ்ல எல்லாரும் போட்டுக்கிட்டா எனக்கு வராதுல்ல?" என்ற கணக்கும் இங்கே செல்லாது. தட்டம்மை ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது. பக்கத்தில் இருப்பவர்கள் ஊசி போட்டிருந்தால் உங்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். ரண ஜன்னி மண்ணிலிருந்து நேராகக் காயத்துக்கு வருவது. அடுத்தவர் போட்ட ஊசியால் உங்களுக்குப் பலன் இல்லை. ஒரே விதிவிலக்கு கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் குழந்தை. அம்மாவின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டதும், பிரசவங்கள் சுத்தமான சூழலில் நடந்ததும் சேர்ந்து, பச்சிளம் குழந்தைகளின் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது.

அடிபட்டால் என்ன செய்வது?

முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "கடைசியா எப்போ ஊசி போட்டீங்க?" என்பதாக இருக்கும். ஏற்கனவே எல்லா டோஸும் போட்டிருந்து, காயம் மண் பட்டதாகவோ ஆழமாகவோ இருந்து, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் ஒரு பூஸ்டர் போடுவார்கள்.

இதுவரை ஊசியே போடாதவர் என்றால் கதை வேறு. அவர் உடலில் டிரெய்னிங் முடிய வாரக்கணக்கில் ஆகும், நஞ்சு அதுவரை காத்திருக்காது. அதனால் இன்னொருவர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளையே நேரடியாகச் செலுத்துவார்கள். ஆனால் இது இரவல் வாங்கியது, சில வாரங்களில் கரைந்துவிடும். உடல் இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால் அதே நேரத்தில், உடலின் வேறொரு இடத்தில் தடுப்பூசியின் முதல் டோஸையும் போட்டுவிடுவார்கள்.