ஏப்ரல் 13-இல் பிறந்த நந்தன வருடம்

2012-ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூ கூட வாங்கி வைக்கவில்லை. ஏப்ரல் 14 என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். காலண்டரைக் கிழித்த அம்மாதான் முதலில் பார்த்தாள்: சித்திரை 1, ஏப்ரல் 13.

"எப்பவும் பதினாலுதானேப்பா வரும்?" என்று தாத்தாவிடம் கேட்டாள். அவர் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்துச் சொன்னார்: "சூரியன் இன்னிக்கு அஸ்தமனத்துக்கு முன்னாடியே மேஷத்துக்குள்ள வந்துடறான்மா. அதனால வருஷம் இன்னிக்கே பொறந்தாச்சு."

வருஷப்பிறப்பின் கணக்கு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

வானத்தில் சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ராசி என்றார்கள். மீனத்தை முடித்துச் சூரியன் மேஷத்தில் நுழையும் நொடி மேஷ சங்கராந்தி. சரி, மேஷம் எங்கே தொடங்குகிறது? வானத்தில் கோடு கிழித்திருக்காது. இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்களில் பெரும்பாலானவை சித்திரை நட்சத்திரத்தைக் குறியாக வைத்து, அதற்கு நேர் எதிர்ப்புள்ளியை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கின்றன.

இதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். வருஷப்பிறப்பன்று மாலை இருட்டியதும் மொட்டை மாடியில் கிழக்கு பார்த்து நில்லுங்கள். ஏழேகால் மணி வாக்கில், அடிவானத்துக்குச் சற்று மேலே, நீலம் கலந்த வெள்ளையாக ஒரு விண்மீன் தனித்து மின்னும். அதுதான் சித்திரை. அதற்கு இடப்புறம், வடகிழக்கில் செம்மஞ்சளாக இன்னும் பிரகாசமாகத் தெரிவது சுவாதி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேற்கில் சூரியன் விழும் நேரத்தில் கிழக்கில் சித்திரை எழுகிறது என்றால், இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன என்று பொருள். சூரியன் மேஷ வாசலில் இருக்கிறது.

அப்படியானால் தேதி ஏன் நகர்கிறது? சூரியன் மேஷத்திலிருந்து புறப்பட்டு மறுபடி மேஷத்துக்கு வர, வாக்கியக் கணக்கில் 365 நாளும் ஏறக்குறைய 6 மணி 12½ நிமிடமும் ஆகும். அதனால் சங்கராந்தி வருடத்துக்கு வருடம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் போகும். லீப் வருடத்தில் பிப்ரவரி 29 சேர்ந்ததும் ஒரு நாள் பின்னுக்கு வந்துவிடும். ஆக, நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது 13-ஆம் தேதி மாலையில் வந்து நிற்கும். தமிழ்நாட்டு வழக்கில் சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதப்பிறப்பு. மறைந்த பின் என்றால் மறுநாள்.

2012-இல் அது மாலை ஆறு மணியை ஒட்டி, அஸ்தமனத்துக்குச் சற்று முன் நிகழ்ந்தது. நந்தன வருடம் 13-ஆம் தேதியே பிறந்தது. ஆனால் அந்த உபரி 12½ நிமிடம் நான்கு வருடத்தில் 50 நிமிடமாகச் சேரும். 2016-இலும் சங்கராந்தி 13-ஆம் தேதிதான். ஆனால் சூரியன் மறைந்துவிட்டது. வருஷப்பிறப்பு 14-க்குப் போனது. அதன் பிறகு 13-ஆம் தேதிக்குத் திரும்பவே இல்லை.

கேரளத்தில் அஸ்தமனம் வரை காத்திருப்பதில்லை. 2023-இல் சங்கராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில் வந்ததால் நமக்கு அன்றே சித்திரை 1. அவர்களுக்கு விஷு 15-ஆம் தேதி. யாழ்ப்பாணத்தில் வேறொரு சிக்கல். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு பஞ்சாங்கங்களும் வழக்கில் இருப்பதால் வருடம் பிறக்கும் நேரமும், மருத்துநீர் வைத்துத் தலை முழுகும் புண்ணியகாலமும் இரண்டு விதமாக அச்சாகின்றன. எந்தப் பஞ்சாங்கம் என்பது குடும்ப வழக்கைப் பொறுத்தது.

விஷு என்ற சொல்லுக்கு இரவும் பகலும் சமமாதல் என்று பொருள். ஆனால் அந்தச் சமநாள் இப்போது மார்ச் 20 அல்லது 21-இல் வந்து போய்விடுகிறது. இதை யாரும் தப்பாக எண்ணிவிடவில்லை. பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப் போல மிக மெதுவாக வட்டமிடுவதால், சமநாளில் சூரியன் நிற்கும் இடம் 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் விண்மீன்களுக்கிடையே பின்னோக்கி நகர்கிறது. கி.பி. 285 வாக்கில் சமநாளும் மேஷப் பிரவேசமும் ஒன்றாக இருந்தன. அன்று முதல் சேர்ந்த விலகல்தான் இன்றைய 24 நாள். மத்திய அரசின் சக நாட்காட்டி 1957-இல் பருவத்தைப் பிடித்துக்கொண்டு மார்ச் 22-ஐ ஆண்டின் தொடக்கமாக்கியது. நாம் விண்மீன்களைப் பிடித்துக்கொண்டோம். அதில் எனக்கு மகிழ்ச்சியே. வருடப்பிறப்பன்று சித்திரை எதிரே எழுவது அதனால்தான்.

இந்த நகர்வு நிற்கப்போவதில்லை. 2027-இல் பிற்பகலில் நிகழும் சங்கராந்தி, 2040-களில் ஒரு வருடம் 14-ஆம் தேதி அஸ்தமனத்தையும் தாண்டிவிடும். அந்த வருடம் சித்திரை 1, ஏப்ரல் 15. அப்போது வேறு ஏதோ வீட்டில் ஒருவர் காலண்டரைக் கிழித்துவிட்டு, "எப்பவும் பதினாலுதானே?" என்று கேட்பார்.